சிக்னல் ஃபுல்லா இருக்கு, நேரலை மட்டும் ஏன் நிக்குது?



வெள்ளிக்கிழமை மாலை அபிஷேக நேரலை ஓடும்போது எங்கள் தொண்டூழியர் குழுவின் ஹேண்ட்போனுக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, கேமரா நின்னுடுச்சா?" "தீபாராதனை நேரத்துல படம் அப்படியே நிக்குது." "மேளச் சத்தம் வருது, சாமி தெரியல." அந்த நேரத்தில் கோயிலில் கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்களில் ஒருவர் கோயில் வைஃபையைத் தொடாமல், மொபைல் டேட்டாவில் அதே நேரலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய திரையில் படம் ஓடுகிறது, உங்கள் திரையில் நிற்கிறது என்றால் கோளாறு கோயில் பக்கம் இல்லை.

இப்படிச் செய்தி அனுப்புபவர்களில் அதிகம் பேர் வயதானவர்கள். முட்டி வலி, இடுப்பு அறுவை சிகிச்சை, டயாலிசிஸ் என்று கோயிலுக்கு வர முடியாமல் வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு அந்தச் சின்னத் திரைதான் சந்நிதி. அதனால் கூப்பிட்ட சில வீடுகளுக்கு நாங்களே நேரில் போய்ப் பார்த்தோம். எல்லாமே வீவக அடுக்குமாடி வீடுகள். போன இடங்களில் லைன் நன்றாகவே இருந்தது. பிரச்சினை ரூட்டரில் இருந்து திரைக்கு வரும் கடைசிப் பத்து மீட்டரில் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஒரு ரூட்டர், இரண்டு குரல்

உங்கள் வீட்டு ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். சில புதிய ரூட்டர்களில் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

2.4-ன் அலை நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அளவு. 5-ன் அலை நீளம் அதில் பாதிக்கும் குறைவு. நீள அலை சுவரைத் தாண்டிப் போகும், தூரமும் போகும். குட்டை அலை சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட் என்றால் இன்னும் மோசம். ஆனால் 5-ல் இடம் தாராளம். ஒரே நேரத்தில் அதிகமான தகவலை அனுப்பலாம். எனவே 2.4 தூரத்துக்கு, 5 வேகத்துக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள்.

தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். அடுக்குமாடியில் போதாது. ஏன் என்றால், உங்கள் 2.4 பக்கத்து வீட்டுக்குள் நன்றாகப் போகிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் 2.4-ம் உங்கள் வீட்டுக்குள் அதே அளவு நன்றாக வரும். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு, அடுத்த புளோக், எல்லாரும் உங்கள் படுக்கையறைக்குள் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். தூரம் போகும் என்பது இங்கே வரம் இல்லை, அதுதான் தொல்லையே.

ஒரே மைக், முப்பது பேர்

வைஃபை வேலை செய்யும் விதம் இதுதான். ஒரே சேனலில் இருக்கிற கருவிகள் எல்லாம் ஒரு மைக்கைப் பகிர்ந்துகொள்வது போல. ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் காது கொடுத்துக் கேட்கும், யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகுதான் பேசும். பக்கத்து வீட்டு ரூட்டர் உங்களுடையது இல்லை, பாஸ்வேர்டும் வேறு. ஆனாலும் அதே சேனலில் இருந்தால் அது பேசி முடிக்கும்வரை உங்கள் ரூட்டர் காத்திருக்கத்தான் வேண்டும்.

யாரும் எதுவும் பார்க்காத நேரத்தில்கூட ஒவ்வொரு ரூட்டரும் "நான் இங்கே இருக்கேன்" என்று நொடிக்குச் சுமார் பத்து முறை கூவிக்கொண்டே இருக்கும். முப்பது ரூட்டர் இருந்தால் நொடிக்கு முந்நூறு கூவல். இதற்கு மேல் அவர்கள் பார்க்கும் நாடகம், விளையாடும் கேம், வீடியோ கால்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மெதுவாகப் பேசுபவர் மைக்கை அதிக நேரம் பிடித்துக்கொள்வார். நல்ல சிக்னலில் 60 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் கருவியும், தூரத்து அறையில் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் கருவியும் ஒரே அளவு தகவலை அனுப்பினால், இரண்டாவது பத்து மடங்கு நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்க மற்ற எல்லாரும் காத்திருப்பார்கள்.

இப்போது 2.4-ல் எத்தனை மைக் இருக்கிறது என்று பாருங்கள். சேனல் எண்கள் 1 முதல் 13 வரை இருக்கும். பதின்மூன்று தனி வழி என்று நினைக்க வேண்டாம். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒரு ரூட்டர் பேச 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எனவே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பது 1, 6, 11 என்ற மூன்றுதான். முப்பது வீட்டுக்கு மூன்று மைக்.

"அப்ப நடுவுல 3-ஐ எடுத்துக்கலாமே, அங்க யாரும் இல்லையே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, ஆனா செய்யாதீங்க. 3-ல் இருந்தால் 1-ல் இருப்பவர் சத்தமும் விழும், 6-ல் இருப்பவர் சத்தமும் விழும். ஆனால் அவர்கள் சொல்வது உங்களுக்குப் புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஒரே சேனலில் இருந்தால் வரிசையில் நின்றாவது பேசலாம். பாதி ஏறிய சேனலில் வரிசையே கிடையாது. அவர்கள் பேச்சு உங்கள் பேச்சைக் கெடுக்கும், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டி வரும். அவர்களுக்கும் அதே கஷ்டம்.

5-ல் நிலைமை வேறு. அங்கே 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தனித்தனி சேனல்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அதோடு பக்கத்து வீட்டுச் சத்தம் சுவரிலேயே பாதி செத்துவிடும். சுவரைத் தாண்டாத குணம் 5-ன் குறை என்று சொல்கிறோமே, அடுக்குமாடியில் அதுதான் அதன் பெரிய நன்மை. உங்கள் சுவர் உங்களுக்குக் காவல்.

ஒரு பாட்டி வீட்டில் நாங்கள் பார்த்தது

ஒரு வீட்டைப் பற்றி முழுசா சொல்றோம், அப்பதான் விளங்கும். ஒன்பதாவது மாடி, நாலறை வீடு. பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து வீட்டோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டேப்லட்டை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்துவிடுவார். தீபாராதனை வரும்போது படம் நின்றுவிடும். "நான் வரலேன்னு சாமி திரையைப் போட்டுடுறார் போல" என்று பாட்டி சொன்னதாக மகள் எங்களிடம் சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், ஆனா எங்களுக்கு மனசு கேக்கல.

அந்த அக்கா ஏற்கனவே சேவை நிறுவனத்துக்குப் போன் செய்திருக்கிறார். இதைவிட வேகமான பிளானுக்கு மாறச் சொன்னார்களாம். "தம்பி, மாசம் இன்னும் கூட கட்டணும்கிறாங்க, மாத்தட்டுமா?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கக்கா, முதல்ல லைனைப் பாத்துடலாம்" என்றோம்.

முதல் வேலை, லேப்டாப்பை ரூட்டரில் நேராகக் கேபிளில் மாட்டி வேகம் பார்த்தோம். 930 எம்பிபிஎஸ். ஒரு கிகாபிட் லைனுக்கு இது முழு வேகம். நேரலை வீடியோவுக்கு எவ்வளவு வேண்டும்? சாதாரண தெளிவில் நான்கு, ஐந்து எம்பிபிஎஸ் நிற்காமல் வந்தால் போதும். ஆகவே லைனில் குறை இல்லை, இன்னும் வேகமான பிளான் வாங்கினாலும் பாட்டி அறையில் ஒன்றும் மாறாது.

அடுத்து, பாட்டியின் அறைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை இரவு ஏழே காலுக்கு டேப்லட்டில் வேகம் 3 எம்பிபிஎஸ், சில சமயம் 1. ஆனால் மேலே வைஃபை குறி முழுசாகத் தெரிகிறது. அக்கா சொன்னார், "பாருங்க, சிக்னல் ஃபுல்லாதான் இருக்கு." இங்கேதான் எல்லாரும் ஏமாறுவது. அந்தக் குறி காட்டுவது சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான். மைக் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை அது காட்டாது.

வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் திறந்தோம். சிக்னலின் பலத்தை அது டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பலம். மைனஸ் 50 மிக நன்று, மைனஸ் 67 வரை வீடியோ ஒழுங்காக ஓடும், மைனஸ் 80 என்றால் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிது. பத்து எண் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்கு.

டேப்லட் இருந்தது 2.4-ல், பலம் மைனஸ் 58. நல்ல எண். ஆனால் அந்த அறையில் நின்றபடி 2.4-ல் 34 ரூட்டர்கள் தெரிந்தன. 5-ல் தெரிந்தவை ஒன்பது. அதிலும் ஏழு மைனஸ் 80-க்கும் கீழே, அதாவது இருப்பதே தெரியாத அளவு. ஒரே அறை, ஒரே நேரம். கூட்டம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதே டேப்லட்டை அதே இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். 22 எம்பிபிஎஸ். ரூட்டர் நகரவில்லை, சுவர் நகரவில்லை. ஏழு மணிக்கு எல்லாரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து திரையைத் திறக்கிறார்கள், அவ்வளவுதான். பகலில் நன்றாக இருந்து இரவு ஏழு முதல் பதினொன்று வரை மட்டும் கெட்டால் அது கூட்டத்தின் அடையாளம். எந்த நேரமும் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால் அது தூரம் அல்லது சுவர்.

சரி, அப்போ டேப்லட் ஏன் 5-க்குப் போகவில்லை? அதை வலுக்கட்டாயமாக 5-ல் சேர்த்துப் பார்த்தோம். மைனஸ் 79. 2.4-ஐவிட நூறு மடங்குக்கு மேல் பலம் குறைவு. கொஞ்ச நேரம் 18 எம்பிபிஎஸ் வந்தது, பிறகு விழுந்துவிட்டது. டேப்லட்டும் தானாகப் பழைய 2.4-க்கே ஓடிவிட்டது.

காரணம் கண்ணுக்கு நேராகவே நின்றது. ரூட்டர், டிவி அலமாரிக்குள், கதவு சாத்தி இருந்தது. அங்கிருந்து பாட்டி அறைக்கு ஒரு நேர்க்கோடு போட்டால் நடுவில் ஷெல்டர் வருகிறது, நாம எல்லாரும் ஸ்டோர்ரூமா வச்சிருக்கோமே, அந்த பாம் ஷெல்டர்தான். 1990-களின் பிற்பகுதியில் இருந்து கட்டப்பட்ட வீடுகளில் இது இருக்கும். சுற்றிலும் கம்பி கட்டிய கனமான கான்கிரீட், இரும்புக் கதவு. 2.4 அதைச் சுற்றியும் ஊடுருவியும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. 5 அங்கேயே படுத்துவிட்டது.

என்ன மாற்றினோம்

முதலில் 2.4-ஐச் சரிசெய்தோம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் `Channel Width` என்று ஒன்று இருக்கும். அது `40 MHz`-ல் இருந்தது. மொத்தம் மூன்று மைக் இருக்கும் இடத்தில் ஒருவரே இரண்டைப் பிடிப்பது போல அது. அவருக்கும் பயன் இல்லை, ஏனென்றால் இரண்டு பக்கத்துக் கூட்டத்துக்கும் காத்திருக்க வேண்டும். அதை `20 MHz` ஆக்கினோம். சேனலை `Auto`-வில் இருந்து எடுத்து 11-ல் வைத்தோம். அந்த வீட்டில் 11-ல் இருந்த ரூட்டர்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறைவு. இரவு வேகம் 3-ல் இருந்து 7 ஆனது. பரவாயில்லை, ஆனால் இடையிடையே இன்னும் விழுந்தது. நெரிசலான 2.4-ல் நம் வீட்டில் மட்டும் என்ன செய்தாலும் எல்லை உண்டு, மற்ற 34 பேரை நாம் மாற்ற முடியாது.

இரண்டாவது, ரூட்டரை இடம் மாற்றினோம். பலன் கொடுத்தது இதுதான். ஷெல்டர் சுவரை உடைத்து கேபிள் வழி செய்யக் கூடாது, அதை யாரும் யோசிக்கவே வேண்டாம். நாங்கள் செய்தது எளிது. ஃபைபர் பெட்டியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, ஆறு மீட்டர் நெட்வொர்க் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக ஓட்டி, ரூட்டரை மட்டும் சாப்பாட்டு மேசைப் பக்கம் உயரமான அலமாரியின் மேல் திறந்த இடத்தில் வைத்தோம். இப்போது அங்கிருந்து பாட்டி அறைக்குப் போகும் வழி படுக்கையறை நடைபாதை. ஒரு சாதாரணச் சுவரும் மரக்கதவும்தான் குறுக்கே. பாட்டி அறையில் 5-ன் பலம் மைனஸ் 79-ல் இருந்து மைனஸ் 66 ஆனது. பதின்மூன்று எண் வித்தியாசம் என்றால் இருபது மடங்கு பலம். எட்டு வெள்ளிக் கேபிளுக்கு இருபது மடங்கு.

மூன்றாவது, 5-ன் அகலம். ரூட்டர் 80 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. அகலம் கூடினால் வேகம் கூடும், உண்மை. ஆனால் ரூட்டரின் சக்தி அப்படியேதான் இருக்கும், அதை அகலமான இடத்தில் பரப்பினால் எல்லா இடத்திலும் மெலிதாகும். கூடவே இரைச்சலையும் அதிகமாக வாரிக்கொண்டு வரும். பக்கத்தில் உட்கார்ந்து பெரிய ஃபைல் இறக்குபவருக்கு 80 நல்லது. தூர அறையில் ஐந்து எம்பிபிஎஸ் மட்டும் நிற்காமல் வேண்டும் என்பவருக்கு 40 நல்லது. 40 ஆக்கினோம். மேல் வீட்டு ரூட்டர் சேனல் 36-ல் பலமாக இருந்ததால் நம்முடையதை 149-க்கு மாற்றினோம்.

நான்காவது, பெயர். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் எதில் சேருவது என்று பெரும்பாலும் டேப்லட்தான் முடிவு செய்யும். அது பலமான சிக்னலைப் பார்த்து 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும். எனவே 5-க்கு வேறு பெயர் வைத்து, பாட்டியின் டேப்லட்டில் அதை மட்டும் சேர்த்து, பழைய பெயரை `Forget` கொடுத்தோம். அக்காவின் ஸ்மார்ட் பிளக், தரை கூட்டும் இயந்திரம் இரண்டும் 2.4-லேயே இருக்கட்டும் என்று விட்டோம். அந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கு 5 பேசவே தெரியாது. அவற்றுக்கு வேகமும் வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழே காலுக்குப் பாட்டி அறையில் வேகம் 90 எம்பிபிஎஸ். 930 எங்கே, 90 எங்கே என்று யாராவது கேட்கலாம். பாட்டிக்கு வேண்டியது ஐந்துதான், அது ஒரு நொடிகூட நிற்காமல் வந்தது. கலச பூஜை முதல் தீபாராதனை வரை முழுக்கப் பார்த்தார். பிளான் மாற்றவில்லை.

எல்லா வீட்டுக்கும் இது சரிவராது

இன்னொரு வீட்டில் அறைக்கும் ரூட்டருக்கும் நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். எங்கே நகர்த்தினாலும் 5 மைனஸ் 75-க்கு மேல் ஏறவில்லை. அப்படி இருந்தால் 5-ஐத் திட்டிப் பயன் இல்லை, அதை அந்த அறைக்குள்ளேயே கொண்டு போக வேண்டும். புதிய வீவக வீடுகளில் அறைச் சுவரிலேயே நெட்வொர்க் பாயிண்ட் இருக்கும். அதில் கேபிள் மாட்டி இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றை அறையில் வைத்தால் போதும். அதன் சத்தத்தை `Low` என்று குறைத்தே வைக்கலாம்.

கேபிள் இல்லாமல் நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சேனலில் ரிப்பீட்டர் ஒரு முறை கேட்டு, அதையே மறுபடியும் சொல்ல வேண்டும். ஒரே செய்திக்கு மைக் இரண்டு முறை தேவை, வேகம் பாதியாகும். அதையும் 2.4-ல் வைத்தால் ஏற்கனவே இருக்கிற கூட்டத்தில் இன்னும் ஒருவர் சேர்கிறார்.

ரூட்டரின் சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பதும் தவறான எண்ணம். வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. ரூட்டர் ஒலிபெருக்கியில் கத்தினாலும் டேப்லட் மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். அந்தப் பதில் ரூட்டருக்கு எட்டவில்லை என்றால், அனுப்பியதை அது திரும்பத் திரும்ப அனுப்பும்.

5-ல் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சேனல் 52 முதல் 144 வரை ரேடாருடன் பகிரும் இடம். ரூட்டர் அங்கே போவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நடுவில் ரேடார் கேட்டால் உடனே காலி செய்ய வேண்டும். உங்கள் வீட்டு 5 திடீரென்று காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் வேறு சேனலில் திரும்பி வந்தால் இதுவாக இருக்கலாம். நேரலை பார்க்கும் வீட்டில் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வைத்துக்கொள்வது நிம்மதி. `160 MHz` அகலம் வைத்தால் ரேடார் பகுதிக்குள் போகாமல் இருக்க முடியாது, அதனால் அதை நாங்கள் யாருக்கும் வைப்பதில்லை.

6 கிகாஹெர்ட்ஸ் இப்போதைக்குக் கூட்டமே இல்லாத இடம். ஆனால் சுவரைத் தாண்டுவதில் 5-ஐவிடவும் பலவீனம், ரூட்டரும் டேப்லட்டும் இரண்டுமே அதை அறிந்த புது மாடலாக இருக்க வேண்டும். ரூட்டர் இருக்கும் அதே அறையில் பார்ப்பவர்களுக்கு நல்லது. பாட்டியின் பழைய டேப்லட்டுக்காக 6 உள்ள ரூட்டர் வாங்குவது வீண் செலவு.

எங்களைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்க

வீட்டில் விண்டோஸ் லேப்டாப் இருந்தால், நேரலை பார்க்கும் அறையில் அதை வைத்து வைஃபையில் சேர்த்து, கருப்புத் திரையில் இதை அடியுங்கள்:

```
netsh wlan show interfaces
```

வருவதில் `Channel` என்ற வரியைப் பாருங்கள். பழைய ரூட்டராக இருந்தால் கணக்கு எளிது. 1 முதல் 13 வரை எண் இருந்தால் நீங்கள் 2.4-ல் இருக்கிறீர்கள். 36 அல்லது அதற்கு மேல் என்றால் 5-ல். `Signal` என்ற வரி பலத்தைச் சதவீதத்தில் காட்டும். அக்கம்பக்கத்துக் கூட்டத்தைப் பார்க்க இது:

```
netsh wlan show networks mode=bssid
```

எத்தனை ரூட்டர்கள் எந்தெந்தச் சேனலில் என்று ஒவ்வொன்றாக வரும். 1, 6, 11 எத்தனை என்று பேப்பரில் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த எண்களோடு, மூன்று விஷயங்களைக் குறித்து எங்களுக்கு அனுப்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒன்று, கேபிளில் மாட்டியபோது வேகம் எவ்வளவு. இரண்டு, பார்க்கும் அறையில் காலை பதினொன்றுக்கும் இரவு ஏழரைக்கும் வேகம் எவ்வளவு. மூன்று, ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஷெல்டர் வருகிறதா. வீட்டு வரைபடத்தைக் கையால் கிறுக்கி அனுப்பினாலும் போதும். பாஸ்வேர்டை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீங்க, அது எங்களுக்குத் தேவையில்லை.

பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டி தனியாக வேறு புளோக்கில் இருந்தால் இந்த வாரம் போகும்போது ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ இருந்தால் வெளியே எடுத்து உயரமாக வையுங்கள். பார்க்கும் கருவியை 5-ல் சேர்த்துவிட்டு, அவர்கள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து இரவு ஏழரை மணிக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பகலில் சோதித்து "நல்லாதான் இருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

அபிஷேகம் வழக்கம்போல் வெள்ளி மாலை ஏழு மணிக்கு. நேரலை ஆறே முக்காலுக்கே தொடங்கிவிடும், அந்தக் கால் மணி நேரத்தில் படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நேரலைத் தொண்டூழியர் குழு